வண்டி டியூவும் தினசரி கலெக்‌ஷனும்: ஒரு டாக்ஸி டிரைவரின் நோட்டுக் கணக்கு

சொந்தமாக வண்டி எடுத்து ஓட்டும் டிரைவர்களிடம் "டியூ எப்படிக் கட்டுறீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஓட்டுறோம், கட்டுறோம்." ஓடுகிற மாதம் அது சரியாகத்தான் இருக்கும். இன்சூரன்ஸ் வருகிற மாதம், டயர் மாற்றுகிற மாதம், மழை கொட்டுகிற மாதம் வரும்போதுதான் தெரியும், பதினாறு மணி நேரம் ஓட்டினாலும் ஐந்தாம் தேதிக்குப் பணம் தேறாது என்று. ஓட்டியது குறைந்ததால் அப்படி ஆவதில்லை. எந்தப் பணம் எதற்கு உரியது என்று யாரும் பிரித்துப் பார்க்காததால்தான் ஆகிறது. அதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதை ஒரு சின்னக் கதையாகவே சொல்கிறேன், கணக்கு அப்போதுதான் மனதில் நிற்கும். தொகைகள் கதைக்காக வைத்தவை. உங்கள் வண்டிக்கும் ஊருக்கும் ஏற்றபடி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கதையில் வருபவரைச் செல்வம் என்று வைத்துக்கொள்வோம். சென்னை அம்பத்தூர் பக்கம் வீடு. மஞ்சள் போர்டு போட்ட சிஎன்ஜி செடான், ஏழு லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 60 மாதம். மாத டியூ 15,571 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி கணக்கில் இருந்து தானாகப் போய்விடும். ஒரு நாளைக்கு சராசரியாக 3,200 ரூபாய் கலெக்‌ஷன், மாதம் 25 நாள் ஓட்டம். செல்வம் மனதில் வைத்திருந்த கணக்கு இவ்வளவுதான்: டியூவை முப்பதால் வகுத்தால் நாளைக்கு 519 ரூபாய், கையில் வருவது 3,200, அப்புறம் என்ன கவலை?

ஆகஸ்டில் இன்சூரன்ஸ் வந்தது, 36,000 ரூபாய். கையில் இருந்தது போக மீதிக்குத் தண்டல் வாங்கினார். முப்பதாயிரம் என்று பேச்சு, கையில் கொடுத்தது 27,000, தினமும் 300 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கணக்கில் பணம் போதாமல் அடுத்த டியூ திரும்பிவிட்டது. அன்று இரவு அவர் மனைவி, "ஏங்க, தெனமும் மூவாயிரம் வருதுன்னு சொல்றீங்க, அந்தக் காசு எங்கதான் போவுது?" என்று கேட்டார். செல்வத்திடம் பதில் இல்லை. மறுநாள் காலையில் கடையில் ஒரு நோட்டு வாங்கினார்.

முதலில் கடன் தாளைப் பிரித்துப் படியுங்கள்

நோட்டில் ஒரு வரி எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஷோரூமில் "7 சதவீதம்தான் சார்" என்று சொல்லியிருப்பார்கள். அது ஃபிளாட் வட்டியா, குறையும் பாக்கிக்கு மட்டும் போடும் வட்டியா என்று பாருங்கள். ஏழு லட்சத்துக்கு 7 சதவீதம் ஃபிளாட் என்றால் ஐந்து வருடத்துக்கு வட்டி 2,45,000, டியூ 15,750. குறையும் பாக்கி முறையில் இதே டியூ வர வேண்டும் என்றால் வட்டி ஏறக்குறைய 12.5 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது செல்வத்தின் 12 சதவீதக் கடன், அந்த "ஏழு சதவீத" கடனை விடக் கொஞ்சம் மலிவு. 2024 அக்டோபர் 1க்குப் பிறகு கொடுக்கப்பட்ட கடன் என்றால், எல்லாச் செலவையும் சேர்த்த வருட வட்டி விகிதத்தோடு ஒரு முக்கிய விவரத் தாள் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அது கையில் இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

அந்தத் தாளில் இருந்து மூன்று விஷயம் நோட்டின் முதல் பக்கத்துக்கு வர வேண்டும்: டியூ தேதி, டியூ திரும்பினால் என்ன கட்டணம், முன்கூட்டிக் கட்டினால் என்ன கட்டணம். கூடவே தவணை அட்டவணையையும் வாங்கிக்கொள்ளுங்கள். செல்வத்தின் முதல் டியூவில் 7,000 வட்டிக்கே போனது, அசலில் குறைந்தது 8,571தான். முப்பது டியூ கட்டி முடித்த பிறகும் பாக்கி நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். பாதிக் காலம் முடிந்தால் பாதிக் கடன் முடிந்தது என்று நினைத்து வண்டியை மாற்றப் போகிறவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

தினமும் ஒரு பக்கம்

செயலி வேண்டாம், நோட்டு போதும் என்பது என் கருத்து. ராத்திரி வண்டியை நிறுத்தியதும், சாவியை எடுக்கும் முன், சீட்டிலேயே உட்கார்ந்து எழுத வேண்டும். வீட்டுக்குள் போய் எழுதலாம் என்றால் எழுத மாட்டோம். செல்வத்தின் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருந்தது:

```
ஆரம்ப கி.மீ.        41,206
முடிவு கி.மீ.        41,388   (ஓடியது 182)
சவாரியோடு          121
காலியாக             61

கலெக்‌ஷன்           3,260
கேஸ்                 747
ஆப் கட்டணம்        510
டோல், பார்க்கிங்      90
சாப்பாடு, டீ          170
மீதி                1,743
```

இதில் ஆப் கட்டணம் என்ற வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கமிஷன் முறையில் ஓட்டும்போது வாடிக்கையாளர் முழுத் தொகையையும் ரொக்கமாகக் கையில் கொடுத்தால், கம்பெனியின் பங்கும் நம் பாக்கெட்டில்தான் இருக்கும். ஆப்பில் அது நம் பெயரில் பாக்கியாக ஏறி, பின்னால் வரும் பணத்தில் கழியும். அதனால் ரொக்கச் சவாரி அதிகமான நாள் கொழுத்த நாள் மாதிரி தெரியும், இரண்டு நாள் கழித்து கணக்கில் பணம் வராது. நாள் கட்டணமோ மாதச் சந்தாவோ கட்டி ஓட்டுகிறவர்கள் அதை ஓடும் நாட்களால் வகுத்து இதே வரியில் எழுத வேண்டும்.

சவாரி கிலோமீட்டரும் காலி கிலோமீட்டரும் எதற்கு என்று தோன்றலாம். செல்வத்துக்கு வழி திறந்ததே அந்த இரண்டு வரியில்தான், கொஞ்சம் பொறுங்கள்.

டியூவை முப்பதால் வகுக்காதீர்கள்

வண்டி ஓடாத நாளில் டியூவுக்குப் பணம் வராது. ஆகவே ஓடும் நாளால்தான் வகுக்க வேண்டும், அதிலும் ஒரு நாள் குறைத்தே. 25 நாள் ஓடுகிறவர் 24ஆல் வகுத்தால் 15,571க்கு நாளொன்றுக்கு 649 வரும். செல்வம் அதை 650 என்று வைத்தார். அவர் மனதில் இருந்த 519க்கும் இதற்கும் 131 ரூபாய் வித்தியாசம். 25 நாளும் ஓடிவிட்டால் மாதம் 679 ரூபாய் மிஞ்சும். அதைத் தொடாமல் அந்தக் கணக்கிலேயே விட்டுவிட்டார். பின்னால் அதுதான் காப்பாற்றியது.

எடுத்து வைப்பது என்றால் டப்பாவில் போடுவது இல்லை. டியூ போகும் வங்கிக் கணக்கை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். யுபிஐ வைத்திருக்கும் கணக்கு ஒன்று, டியூ கணக்கு இன்னொன்று. ராத்திரி நோட்டு எழுதி முடித்ததும் 650 ரூபாயை அங்கே அனுப்பிவிட வேண்டும். டியூ கணக்கை ஃபோனில் உள்ள எந்தப் பணம் அனுப்பும் செயலியிலும் சேர்க்காதீர்கள், டீக்கடையில் ஸ்கேன் செய்தால் அதில் இருந்து போகக் கூடாது.

இன்னொன்று. தானாகப் பிடிக்கும் நாச் முறை 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறு, பண்டிகை என்று பார்க்காமல் எல்லா நாளும் வேலை செய்கிறது. "ஞாயித்துக்கிழமைதானே, திங்கள் காலையில போட்டுக்கலாம்" என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. ஐந்தாம் தேதி டியூ என்றால் நாலாம் தேதி ராத்திரியே பணம் உள்ளே இருக்க வேண்டும். திரும்பிவிட்டால் வங்கி ஒரு கட்டணம் போடும், ஃபைனான்ஸ் கம்பெனி தனியாக ஒரு கட்டணம் போடும். அதே டியூவை மறுபடி வங்கிக்கு அனுப்பி அதுவும் திரும்பினால் மறுபடியும் கட்டணம். அதனால் திரும்பியது தெரிந்த உடனே கம்பெனியைக் கூப்பிட்டு, எப்போது மறுபடி அனுப்புவார்கள், அதற்குள் நேரடியாகக் கட்டிவிடலாமா என்று கேட்டுவிடுங்கள். தாமதத்துக்கு அபராதக் கட்டணம் போடலாம், ஆனால் அந்த அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கணக்கு விவரத்தை வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வண்டியின் பங்கு

ஆகஸ்டில் செல்வத்தை விழ வைத்தது டியூ இல்லை, இன்சூரன்ஸ். வருடத்துக்கு ஒரு முறை வருகிற செலவை மனது செலவாகவே எடுத்துக்கொள்ளாது. அதனால் உட்கார்ந்து ஒரு வருடச் செலவை எழுதினார். இன்சூரன்ஸ் 36,000. எஃப்.சி., வரி, பெர்மிட், புகைச் சான்று எல்லாவற்றையும் வருடக் கணக்காக்கினால் 14,000. நாளைக்கு 180 கிலோமீட்டர் என்றால் வருடத்துக்கு 54,000 கிலோமீட்டர், அதற்கு ஒரு செட் டயர் 18,000, பத்தாயிரத்துக்கு ஒரு சர்வீஸ் என்று 25,000, பிரேக், பேட்டரி, கிளட்ச் என்று 15,000. மொத்தம் 1,08,000. மாதம் 9,000, ஓடும் நாளைக்கு 360.

எஃப்.சி. புது வண்டிக்கு முதலில் இரண்டு வருடம், எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடா வருடம். சிஎன்ஜி சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒரு முறை சோதனை செய்ய வேண்டும். இந்தத் தேதிகளையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இப்போது ஒரு சராசரி நாளைப் பார்க்கலாம். கலெக்‌ஷன் 3,200. கேஸ் 740, ஆப் 500, டோல் 80, சாப்பாடு 180 போனால் 1,700. அதில் டியூ 650, வண்டிக்கு 360. வீட்டுக்கு 690. மாதத்துக்கு 17,250. வீட்டுச் செலவோ, வாடகை, மளிகை, பள்ளிக்கூட வேன் எல்லாம் சேர்த்து 20,000. குறை 2,750 ரூபாய்.

மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் இந்த 2,750தான். மாதா மாதம் வண்டியின் பங்கில் இருந்து இந்தத் தொகை வீட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது, யாரும் வீண் செலவு செய்யவில்லை. டயரும் இன்சூரன்ஸும் வந்து நிற்கும்போது அந்த ஓட்டை மொத்தமாகத் தெரிந்தது. கூடவே தண்டலின் நாள் 300 சேர்ந்ததும் 690 என்பது 390 ஆகிவிட்டது, டியூ திரும்பாமல் என்ன செய்யும்?

தண்டலைப் பற்றி ஒரு வார்த்தை. 27,000 வாங்கி நூறு நாளில் 30,000 கட்டுவது "பத்துப் பர்சென்ட்தானே" என்று தோன்றும். முதல் நாளில் இருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டு வருவதால் முழுப் பணமும் நூறு நாள் நம்மிடம் இருப்பதே இல்லை. வருட வட்டியாகப் பார்த்தால் 75 சதவீதத்துக்கு மேல் போகிறது. வண்டிக் கடன் 12 சதவீதம், இன்சூரன்ஸுக்கு வாங்கியதோ 75 சதவீதத்துக்கு மேல். வேறு வழியில்லாமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாங்குவதற்கு முன் நாள் மீதியில் அந்த 300ஐக் கழித்துப் பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

காலி கிலோமீட்டரில் ஒளிந்திருக்கும் பணம்

குறை 2,750 என்று தெரிந்ததும் செல்வத்துக்கு முதலில் தோன்றியது இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டலாம் என்பதுதான். எல்லா டிரைவருக்கும் அதுதான் தோன்றும். ஆனால் நோட்டில் தினமும் அறுபது கிலோமீட்டர் காலியாக ஓடியது நின்றுகொண்டிருந்தது.

ஒரு கிலோமீட்டர் வண்டி நகர என்ன செலவு? கிலோ 90 ரூபாய் கேஸில் 22 கிலோமீட்டர் ஓடினால் கேஸ் மட்டும் 4.10. டயர், சர்வீஸ், ரிப்பேர் 58,000ஐ 54,000 கிலோமீட்டரால் வகுத்தால் ஏறக்குறைய 1.10. இரண்டும் சேர்ந்து 5.20. இன்சூரன்ஸையும் எஃப்.சி.யையும் இதில் சேர்க்கக் கூடாது, வண்டி ஷெட்டில் நின்றாலும் அவை வரும்.

இதை வைத்து இரண்டு சவாரியை ஒப்பிட்டார். தி.நகரில் இருந்து ஒரகடம், ஆப் கட்டணம் போக 950 ரூபாய், 45 கிலோமீட்டர். பெரிய சவாரி, கை நிறையப் பணம். ஆனால் அங்கே இருந்து திரும்பும் சவாரி கிடைக்காமல் காலியாக வந்தால் மொத்தம் 90 கிலோமீட்டர், செலவு 468, மிஞ்சியது 482. மூன்று மணி நேரம் போனது. இன்னொரு நாள் அதே மூன்று மணி நேரம் அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனிக்குள்ளேயே மூன்று சின்னச் சவாரி, கட்டணம் போக 780, காலி ஓட்டமும் சேர்த்து 40 கிலோமீட்டர், செலவு 208, மிஞ்சியது 572. 950ஐ விட 780 பெரியது என்பது நோட்டில் எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்காக நீண்ட சவாரியே எடுக்காதீர்கள் என்று அர்த்தம் இல்லை. தொழிற்சாலை ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஒரகடத்தில் நின்றால் திரும்பும் சவாரி கிடைக்க வாய்ப்பு அதிகம், அப்போது கணக்கே தலைகீழாகிவிடும். செல்வம் மாற்றியது இவ்வளவுதான்: திரும்பும் சவாரிக்கு வாய்ப்பில்லாத நேரத்தில் ஊருக்கு வெளியே போவதைக் குறைத்தார், சவாரி முடிந்ததும் அடுத்த இடம் தேடிச் சுற்றாமல் பக்கத்தில் நிழலில் நிறுத்திக் காத்திருந்தார், ராத்திரி கடைசிச் சவாரியை வீட்டுப் பக்கம் வருகிற மாதிரி பார்த்தார். காலி ஓட்டம் அறுபதில் இருந்து நாற்பதானது. இருபது கிலோமீட்டருக்கு 104 ரூபாய், மாதம் 2,600. குறையில் 150 ரூபாய்தான் பாக்கி நின்றது, கலெக்‌ஷன் அதே 3,200தான்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நோட்டில் காலி ஓட்டம் ஏற்கெனவே மொத்தத்தில் கால் பங்குக்குள் இருந்தால் இதில் பெரிதாகப் பிழிய முடியாது. அப்போது குறை இருக்கிறது என்றால் டியூ வருமானத்துக்கு மீறியது என்று பொருள். கடன் காலத்தை நீட்டித் தர முடியுமா என்று கம்பெனியிடம் பேச வேண்டிய இடம் அது. வட்டி கூடும், ஆனால் டியூ திரும்பிக்கொண்டே இருப்பதை விட அது தேவலை.

மாதத்தில் ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள்

5ஆம் தேதி டியூ என்றால் மாதம் 1ஆம் தேதி தொடங்காது, 5ஆம் தேதிதான் தொடங்கும். நடுவில் 20ஆம் தேதி ராத்திரி ஒரே ஒரு கேள்வி: டியூ கணக்கில் எவ்வளவு இருக்கிறது, இன்னும் எத்தனை நாள் ஓடுவேன்? பாக்கித் தொகையை மிச்ச ஓட்ட நாளால் வகுத்தால் வருவதுதான் இனி தினமும் எடுத்து வைக்க வேண்டியது.

ஐந்தாவது மாதம் அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டில் பின்னால் இருந்து ஒரு வேன் இடித்தது. வண்டி ஆறு ஓட்ட நாள் ஒர்க்‌ஷாப்பில். 20ஆம் தேதி வரை 13 நாள் ஓடியிருக்க வேண்டியவர் 7 நாள்தான் ஓடினார், அந்த மாதம் சேர்ந்தது 4,550. மிச்சம் 12 நாள். பழைய மாதிரி 650 போட்டால் இன்னும் 7,800, மொத்தம் 12,350, அதாவது 3,221 குறையும். ஆனால் நாலு மாதம் மிஞ்சிய 679கள் அங்கேயே கிடந்தன, 2,716. ஆக உண்மையான குறை 505 ரூபாய், 12 நாளைக்கு நாள் ஒன்றுக்கு 42. 650க்குப் பதில் 700 அனுப்பினார். டியூ போய்விட்டது. ஆறு நாள் வீட்டுக்குக் காசு வராதது கஷ்டம்தான், அதை நோட்டு மாற்றாது. ஆனால் தண்டல்காரரைக் கூப்பிடவில்லை.

அந்த மிச்சம் மட்டும் இல்லை என்றால் கணக்கு வேறு: பாக்கி 11,021, 12 நாளைக்கு 918. அது முடியாது என்று 20ஆம் தேதியே தெரிந்தால் கம்பெனியைக் கூப்பிட இரண்டு வாரம் இருக்கிறது. திரும்புவதற்கு முன் பேசுகிறவருக்கும், திரும்பிய பிறகு ஃபோனை எடுக்காதவருக்கும் கிடைக்கும் மரியாதை ஒன்றாக இருக்காது. டியூ தேதியை மாற்றிக் கேட்கவும் இதுதான் நேரம். வாடகையும் டியூவும் ஒரே வாரத்தில் வருகிறவர்களுக்கு அந்த ஒரு மாற்றமே பெரிய மூச்சு.

மிஞ்சினால் எங்கே போடுவது

மூன்று டியூ அளவுக்குப் பணம் சேரும் வரை கடனை முன்கூட்டிக் கட்டாதீர்கள், கட்டிய பணத்தை ஒர்க்‌ஷாப் மாதத்தில் திரும்பக் கேட்க முடியாது. அதற்கு மேல் சேர்ந்தால் கட்டலாம், ஆனால் பெரும்பாலான வண்டிக் கடன்கள் நிலையான வட்டியில் இருப்பதால் முன்கூட்டிக் கட்டக் கட்டணம் இருக்கலாம், முதல் பக்கத்தில் எழுதியதைப் பாருங்கள். பகுதி கட்டும்போது "டியூவைக் குறைக்கவா, மாதங்களைக் குறைக்கவா?" என்று கேட்பார்கள். வீட்டுக்குக் குறை விழுகிறவர் டியூவைக் குறைக்கச் சொல்லலாம், குறை இல்லாதவர் மாதங்களைக் குறைத்தால் வட்டி அதிகம் மிஞ்சும். கட்டிய பிறகு புது அட்டவணையை வாங்கி நோட்டில் ஒட்டிவிட்டு, நாள் தொகையை மறுபடி வகுத்து எழுதுங்கள்.

கடைசி டியூ போனதும் வேலை முடியாது. கம்பெனியிடம் தடையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35ம் வாங்கி, ஆர்.டி.ஓ.வில் கொடுத்து, ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவை நீக்க வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியிலும் கம்பெனி பெயரை எடுக்கச் சொல்லுங்கள். நாச் அனுமதியை வங்கியில் ரத்து செய்துவிடுங்கள். செல்வம் இதற்கு இன்னும் வருடக்கணக்கில் போக வேண்டும், ஆனால் இந்த மூன்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போதே எழுதி வைத்திருக்கிறார்.